"எல்லா செக்‌ஷனும் பார்த்திருக்கிறேன்": பெங்களூரில் ஒரு சமையல்காரர் அனுப்பிய இரண்டு மெயில்கள்

நவம்பர் நடுவில் எங்கள் உணவகக் குழுமத்தின் ஹெச்.ஆர். முகவரிக்கு ஒரு மெயில் வந்தது. ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

"மதிப்பிற்குரிய ஐயா, எனக்குச் சமையலறையில் ஒன்பது வருட அனுபவம் உண்டு. தென்னிந்தியம், வட இந்தியம், தந்தூரி, சைனீஸ், தாய், கான்டினென்டல் எல்லாம் தெரியும். எல்லா செக்‌ஷனும் பார்த்திருக்கிறேன். கடின உழைப்பாளி. உடனே சேரத் தயார். நல்ல பதவி கொடுத்தால் விசுவாசமாக இருப்பேன். பயோடேட்டா இணைத்துள்ளேன்."

தலைப்பில் "வேலைக்காக" என்று மட்டும் இருந்தது. இணைப்பின் பெயர் `Resume_Final_New2.pdf`. எழுதியவர் சிவகங்கைப் பக்கத்துக்காரர், விவேக்நகரில் அறை எடுத்துத் தங்கியிருப்பவர். வேலை பார்த்தது நகரத்தின் நடுவில் இருக்கும் ஒரு தமிழ்ச் சாப்பாட்டு உணவகத்தில்.

இந்த மெயில் ஹெச்.ஆரிலேயே நின்றுவிட்டது. அதே நாட்களில், பிப்ரவரியில் இந்திராநகரில் திறக்கவிருந்த புதுக் கடையின் தென்னிந்திய செக்‌ஷனுக்கு நாங்கள் ஆள் தேடிக்கொண்டிருந்தோம். அந்த வேலைக்குச் சரியான ஆளின் மெயில் கையில் இருந்தும் யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் எங்கள் மையச் சமையலறையில் வேலை பார்க்கும் அவருடைய ஊர்ப் பையன் ஒருவன் என்னிடம் வந்து, "செஃப், அந்த அண்ணன் பரோட்டாவும் குழம்பும் தனியாளாக ஓட்டுகிறவர், ஒரு தடவை பேசிப் பாருங்கள்" என்று சொன்ன பிறகுதான் மெயிலைத் தேடி எடுத்தோம்.

ஹெச்.ஆரைக் குறை சொல்வதற்கில்லை. மெயிலைத் திறக்கும் பெண்ணுக்குச் சமையல் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. அவர் கையில் ஒரு பட்டியல் இருக்கும்: எந்தக் கடை, எந்த செக்‌ஷன், எந்தப் பதவி, எப்போது ஆள் வேண்டும். வருகிற மெயிலை அந்தக் கட்டங்களில் ஒன்றில் போட முடிந்தால் எனக்கு அனுப்புவார், முடியாவிட்டால் அது அப்படியே கிடக்கும். ஆறு சமையல் வகை எழுதியிருந்த இந்த மெயில் எந்தக் கட்டத்திலும் உட்காரவில்லை. ஒரே ஒரு அழைப்பு மட்டும் போயிருக்கிறது, அதுவும் கோரமங்கலா கடையின் சைனீஸ் செக்‌ஷனுக்காக. அவர் தயங்கியதும் "விருப்பமில்லை" என்று குறித்துவிட்டார்கள்.

நான் போனில் பேசியபோது முதலில் ஒவ்வொரு சமையல் வகையையும் தனித்தனியாகக் கேட்டேன். "தெரியும்" என்பதைத் தள்ளிவைத்துவிட்டு மூன்று கேள்விகள். அந்த செக்‌ஷனுக்கு ஸ்டோரில் இன்டென்ட், அதாவது பொருள் கேட்கும் சீட்டு, போட்டது யார்? சனிக்கிழமை ராத்திரி அந்த இடத்தில் தனியாக நின்றிருக்கிறாயா? பண்டம் கெட்டுப்போனால் செஃப் யாரைக் கூப்பிட்டுத் திட்டுவார்? இந்த மூன்றுக்கும் விடை "நான்தான்" என்றால் அந்த செக்‌ஷன் அவருடையது. இல்லையென்றால் பக்கத்தில் நின்றவர் என்று பொருள். பக்கத்தில் நின்றதும் அனுபவம்தான், ஆனால் அது வேறு அனுபவம்.

பேசப் பேச அவருடைய ஒன்பது வருடமும் பிரிந்து வந்தது. முதல் இரண்டு வருடம் சென்னையில் ஒரு ஹோட்டலின் விருந்துச் சமையலறையில் கமி, அதாவது அடிமட்டச் சமையல் உதவியாள். அங்கே வேலை என்பது மூட்டைக் கணக்கில் வெங்காயம், அண்டாக் கணக்கில் கிரேவி, ஆனால் தட்டு எப்படிப் போகிறது என்று பார்த்ததே இல்லை. அடுத்த மூன்று வருடம் பெங்களூரில் ஒரு பப்பின் தந்தூர் பக்கம். மசாலா ஊற வைப்பது, கம்பியில் குத்துவது, கபாப் இறக்குவது எல்லாம் செய்திருக்கிறார். ரொட்டி, நான் மட்டும் போட்டதில்லை, அதை உத்தராகண்டிலிருந்து வந்த ஒரு மூத்தவர் யார் கையிலும் கொடுக்கவில்லையாம். தந்தூர் ஆள் என்று எடுத்து நிறுத்தினால் முதல் நாளே ரொட்டி ஆர்டரில் கை கட்டிப்போகும். அப்போது அவருக்கும் அவமானம், எங்களுக்கும் சங்கடம். சைனீஸ் என்று எழுதியது, இப்போதைய இடத்தில் வோக் ஆளின் வீக் ஆஃப் அன்று மட்டும் ஃபிரைட் ரைஸும் நூடுல்ஸும் போட்டது. தாய் என்பது ஒரே ஒரு கறி. கான்டினென்டல் என்பது காலை உணவுக்கு முட்டை.

மீதி நான்கு வருடம்தான் விஷயம். தமிழ் உணவகத்தில் தோசைக்கல், பரோட்டாக் கல், குழம்பு, வறுவல், நான்கையும் இரண்டு உதவியாட்களை வைத்துக்கொண்டு அவரே ஓட்டியிருக்கிறார். பதவி காகிதத்தில் டெமி சி.டி.பி., செய்தது அதற்கு மேற்படியான, ஒரு செக்‌ஷனுக்கே பொறுப்பான சி.டி.பி. வேலை. இந்த நான்கு வருடத்துக்கு மெயிலில் கிடைத்த இடம் "தென்னிந்தியம்" என்ற ஒரு சொல், அதுவும் ஆறில் ஒன்றாக.

பெங்களூரில் அந்தச் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவரை எந்த அடுப்புக்கும் அனுப்ப முடியாது. உடுப்பி பாணிச் சிற்றுண்டிக் கடைகளான தர்சினிகளில் தோசை போடுகிறவரும் தென்னிந்தியம்தான், ஆந்திரா மெஸ்ஸில் பருப்புப் பொடியும் பப்பும் செய்கிறவரும், மிலிட்டரி ஹோட்டலில் ராகி முத்தையும் தொன்னை பிரியாணியும் செய்கிறவரும் தென்னிந்தியம்தான். ஒருவர் கை இன்னொருவருக்கு வராது. எங்களுக்கு வேண்டியிருந்தது செட்டிநாடு, மதுரைப் பக்கத்து அசைவம், கூடவே பரோட்டா.

இன்னொரு விஷயம் செக்‌ஷன் என்ற சொல்லின் அளவு. பெரிய ஹோட்டலில் "கிரேவி செக்‌ஷன் பார்த்தேன்" என்றால், அடிப்படைக் கிரேவிகள் மொத்தமாகச் சமைக்கும் தனிச் சமையலறையிலிருந்து வந்துவிடும், இவர் ஆர்டர் வந்ததும் கடாயில் முடித்துக்கொடுப்பார். நாற்பது இருக்கைத் தனிக் கடையில் அதே வார்த்தைக்குப் பொருள், வெங்காயம் வதக்குவதிலிருந்து கொத்தமல்லி தூவுவது வரை எல்லாம் அவரே. எங்களைப் போல மையச் சமையலறை வைத்திருக்கும் குழுமத்தில் மசாலா விழுதுகள் குளிர்பெட்டியில் பாக்கெட்டாக வந்து இறங்கும். அதை முடித்துக்கொடுக்கத் தெரிந்தவர் வேண்டுமா, அடியிலிருந்து ஆக்கத் தெரிந்தவர் வேண்டுமா என்பது கடைக்குக் கடை மாறும். புதுக் கடை திறக்கும்போது இரண்டாமவர்தான் வேண்டும், ஏனென்றால் மையச் சமையலறைக்கே அந்த விழுதின் அளவைச் சொல்லிக்கொடுக்க ஒரு ஆள் தேவை.

அவர் நிஜமாகவே அடியிலிருந்து ஆக்குகிறவரா என்று தெரிந்துகொள்ள ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "டிசம்பரில் மாவு பொங்கவில்லை என்றால் என்ன செய்வாய், தம்பி?"

யோசிக்கவே இல்லை. "சென்னையில் ராத்திரி எட்டு மணிக்கு அரைத்து வைத்தால் காலையில் பொங்கி நிற்கும் செஃப். இங்கே டிசம்பரில் மாவு அப்படியே கல்லு மாதிரி கிடக்கும். நான் மதியம் மூணு மணிக்கே அரைத்துவிடுவேன். அரைக்கும்போது வெதுவெதுப்பான தண்ணி, பழைய மாவு ஒரு கரண்டி, உப்பை அப்போதே போட்டுக் கையால் கலக்கி, ரேஞ்ச் அடுப்பை அணைத்த பிறகு அதுக்குப் பக்கத்தில் வைப்பேன். ஏப்ரலில் இதையே செய்தால் புளித்துப் போயிடும், அப்போ ராத்திரி கடை மூடும்போதுதான் அரைப்பேன்."

பெங்களூரில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பம் 15, 16 டிகிரிக்கு இறங்கிவிடும். அந்தக் குளிரில் மாவில் வாழும் நுண்ணுயிர்கள் மந்தமாகத்தான் வேலை செய்யும், பொங்குவதற்கு நேரம் இழுத்துக்கொண்டே போகும். எழுதிப் படித்தவர்கள் வெப்பநிலை என்று சொல்வார்கள். இவர் மாதத்தைச் சொன்னார், நேரத்தைச் சொன்னார், அதிகமானால் என்ன கெடும் என்பதையும் சொன்னார். பக்கத்தில் நின்று பார்த்தவர் அந்தக் கடைசிப் பகுதியைச் சொல்லமாட்டார்.

அப்புறம் "உடனே சேரத் தயார்". இதுதான் மெயிலில் மிக மோசமான வரி. அவருடைய நியமனக் கடிதத்தில் 30 நாள் நோட்டீஸ் என்று இருக்கிறது. வேலையில் இருக்கும் ஆள் உடனே வருகிறேன் என்றால் ஆள் எடுக்கிறவர் மனதில் ஓடுவது ஒன்றுதான்: சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிடப் போகிறார். அங்கே அப்படிச் செய்தவர் இங்கேயும் செய்வார். ரிலீவிங் லெட்டர் கிடைக்காது. பழைய முதலாளி பி.எஃப். கணக்கில் வெளியேறிய தேதியைப் போடாமல் இழுத்தடித்தால், பி.எஃப். உறுப்பினருக்கான யு.ஏ.என். எண்ணில் இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் வேலை பார்ப்பது போலத் தெரியும், பணத்தைப் புதுக் கணக்குக்கு மாற்றுவதும் தடைபடும். "நிஜமாகவே உடனே வர முடியுமா?" என்று கேட்டேன். "முடியாதுதான் செஃப், ஆனா அப்படி எழுதலைன்னா கூப்பிடவே மாட்டாங்கன்னு சொன்னாங்க" என்றார். இந்த அறிவுரையை யார் கிளப்பிவிட்டார்களோ தெரியாது, வருகிற மெயில்களில் பாதிக்கு மேல் இந்த வரி இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். டிசம்பர் முதல் வாரம் ராஜினாமா கொடுத்தால் ஜனவரி முதல் வாரம் விடுதலை. கிறிஸ்துமஸ் தொடங்கிப் புத்தாண்டு ராத்திரி வரை எந்தச் சமையலறையும் ஆளை விடாது, முன்கூட்டியே விடச் சொல்லிக் கேட்பதும் வீண். அதன் பிறகு பொங்கல். ஊருக்குப் போகாமல் இருக்கமாட்டார், அதைச் சொல்லாமல் சேர்ந்தால் சேர்ந்த வாரமே லீவு கேட்க வேண்டிவரும். அதனால் ஜனவரி 19 என்று முடிவானது. அவருக்கு அந்தத் தேதி பயமாக இருந்தது, இரண்டு மாதம் யார் காத்திருப்பார்கள் என்று. ஆனால் பிப்ரவரியில் திறக்கும் கடைக்கு ஜனவரி மூன்றாவது வாரம்தான் மெனு ஒத்திகை தொடங்கும். நவம்பரிலேயே வந்தால் எங்கே உட்கார வைப்பது? எல்லாக் காலியிடமும் இப்படி இருக்காது. ஓடிக்கொண்டிருக்கும் கடையில் ஆள் திடீரென்று போய்விட்ட இடமாக இருந்தால் 19ஆம் தேதி என்பதைப் பார்த்ததும் அடுத்தவரைக் கூப்பிட்டிருப்பார்கள். அப்படியும் அந்த இடம் இவருக்குக் கிடைக்கப்போகிற இடமல்ல.

சேரும் தேதி தவிர இன்னும் இரண்டு நேரங்கள் மெயிலில் இருக்க வேண்டும். ஒன்று போன் எடுக்கும் நேரம். மதியம் ஒரு மணிக்கு அழைத்தால் தோசைக்கல் முன்னால் நிற்பவர் எடுக்கமாட்டார், இரண்டு முறை எடுக்காவிட்டால் ஹெச்.ஆர். பெயரைத் தாண்டிப் போய்விடும். பிரேக் ஷிஃப்டில் இருப்பவருக்கு நாலிலிருந்து ஆறு வரைதான் கை ஓய்வு. இன்னொன்று டிரையலுக்கு வரக்கூடிய நாள். பிரேக் நேரத்தில் வந்து சமைத்துக் காட்டிவிட்டுப் போகிறேன் என்று பலர் ஒத்துக்கொள்கிறார்கள், பெங்களூர் டிராஃபிக்கில் அது நடக்காது. வீக் ஆஃப் நாளைச் சொல்லிவிடுவதே நல்லது. இவருக்குச் செவ்வாய்க்கிழமை.

நான் சொன்னதை வைத்து அவரே திரும்ப எழுதினார். ஊர்ப் பையன் ஆங்கிலத்தைச் சரிபார்த்தான். தமிழில் அதன் வடிவம் இது:

"தலைப்பு: சி.டி.பி., தென்னிந்திய செக்‌ஷன், செட்டிநாடு மற்றும் பரோட்டா, ஜனவரி 19 முதல்

வணக்கம். இந்திராநகரில் வரப்போகும் உங்கள் உணவகத்தின் தென்னிந்திய செக்‌ஷனுக்கு விண்ணப்பிக்கிறேன். இப்போது பெங்களூரில் ஒரு தமிழ் உணவகத்தில் டெமி சி.டி.பி. ஆக நான்கு வருடமாக இருக்கிறேன்.

நானே பொறுப்பேற்று நடத்துவது: தோசைக்கல், பரோட்டா, செட்டிநாடு மற்றும் மதுரைப் பாணி அசைவக் குழம்பு, வறுவல். மாவு அரைப்பது, மசாலா வறுத்து அரைப்பது, ஸ்டோர் இன்டென்ட் எல்லாம் என் பொறுப்பு. என் கீழ் இரண்டு கமி. 70 இருக்கை, சனி, ஞாயிறு இரவுகளில் சுமார் 180 பேர். பரோட்டாவுக்கு அந்த நாட்களில் 10 கிலோ மைதா பிசைவோம், 85 கிராம் உருண்டையில் ஏறக்குறைய 185 வரும்.

உதவியாக இருந்து செய்தது: தந்தூரில் மூன்று வருடம், மசாலா மற்றும் கபாப் மட்டும், ரொட்டி போட்டதில்லை. சைனீஸ் வோக்கில் ஆள் இல்லாத நாட்களில் ரைஸ், நூடுல்ஸ். விருந்துச் சமையலறையில் இரண்டு வருடம்.

நோட்டீஸ் 30 நாள். ஜனவரி 19 முதல் சேர முடியும். டிரையலுக்குச் செவ்வாய்க்கிழமை எந்த நேரமும். போனில் மாலை 4 முதல் 6 வரை. விவேக்நகரில் தங்கியிருக்கிறேன், இந்திராநகர், கோரமங்கலா வசதி. ஒயிட்ஃபீல்டு என்றால் தங்குமிடம் தேவை. தமிழ், கன்னடம் நன்றாகப் பேசுவேன், கிச்சன் இந்தி போதுமான அளவு.

இப்போதைய இடத்தில் தற்சமயம் விசாரிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். முந்தைய இடத்து சூ ஷெஃப்பின் எண்ணைக் கேட்டால் தருகிறேன். சம்பள எதிர்பார்ப்பு மாதம் 35,000."

இதில் சிலவற்றைப் பற்றி அவரோடு எனக்கு வாக்குவாதமே நடந்தது. சைனீஸை எடுத்துவிடுகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். ஆள் வராத நாளில் வோக் முன்னால் நிற்கக்கூடியவர் என்பது டியூட்டி அட்டவணை போடுகிறவருக்குத் தனி மதிப்பு, ஆனால் அது அந்த அளவில்தான் எழுதப்பட வேண்டும். ரொட்டி போட்டதில்லை என்பதை எழுத அவருக்கு மனமே இல்லை. எழுதினால் குறைவாக நினைப்பார்களோ என்ற பயம். எனக்கு அந்த வரி பிடித்திருந்தது, மற்ற வரிகளை நம்புவதற்கு அதுதான் காரணம் கொடுத்தது. பெங்களூர்ச் சமையலறைகளில் ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள் குறைவு. ஒரே ஒரு போன் போதும், தந்தூரில் யார் ரொட்டி போட்டார் என்று தெரிந்துவிடும். இதே காரணத்தால்தான் இப்போதைய இடத்தில் விசாரிக்க வேண்டாம் என்ற வரியும் அவசியம். ராஜினாமா கொடுப்பதற்கு முன்னால் செய்தி அங்கே எட்டிவிட்டால் ஷிஃப்ட் போடுவதிலிருந்தே பழிவாங்கல் ஆரம்பிக்கும்.

இன்னொன்று, இருக்கை எண்ணிக்கையும், கவர் என்று நாங்கள் சொல்லும் சாப்பிட்டவர்களின் எண்ணிக்கையும். 180 பேர் என்பதை மட்டும் எழுதினால் அது விருந்தா, மெனுவைப் பார்த்துத் தனித்தனியாக ஆர்டர் கொடுத்த கூட்டமா என்று தெரியாது. 70 இருக்கையில் 180 பேர் என்றால் ஒவ்வொரு மேசையும் இரண்டரை முறைக்கு மேல் திரும்பியிருக்கிறது, அதாவது இரவு எட்டிலிருந்து பத்தரை வரை சமையலறைக்கு வரும் ஆர்டர் சீட்டான கே.ஓ.டி. நிற்காமல் வந்திருக்கிறது. அந்த வேகத்தைத் தாங்கினவர் என்பது எனக்குப் போதுமான தகவல்.

இரண்டாவது மெயில் ஹெச்.ஆரிலிருந்து அன்று மாலையே என்னிடம் வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை டிரையல். நெய் ரோஸ்ட், பரோட்டா, நாட்டுக்கோழிக் குழம்பு, அவர் விருப்பப்படி ஒன்று என்று கொடுத்தோம். விருப்பத்துக்கு அவர் செய்தது சுவரொட்டி வறுவல்.

எங்கள் கல் அவருக்குப் புதிது. முதல் தோசையில் மாவு பரவாமல் கரண்டியோடு சுருண்டு வந்தது, கல் சூடு மிஞ்சிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். பதறாமல் தீயைக் குறைத்து, தண்ணீர் தெளித்து, துணியால் துடைத்து, அரை வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்த்து இரண்டாவதை ஊற்றினார். அது ஓரம் வரை ஒரே நிறத்தில் வந்தது. முதல் தோசை கெட்டதை நான் குறையாக எழுதவில்லை. பரோட்டாவில் அடுக்கு நன்றாகப் பிரிந்தது. குழம்பில் மிளகும் கல்பாசியும் தூக்கலாக இருந்தன, அது அளவு சரிசெய்கிற விஷயம்.

சறுக்கியது வேறு இடத்தில். எலும்போடு ஒரு கிலோ நாட்டுக்கோழியிலிருந்து எத்தனை போர்ஷன் எடுப்பாய், ஒரு போர்ஷனுக்குப் பொருள் செலவு எவ்வளவு என்று கேட்டேன். கண்ணளவில் போடுவதாகச் சொன்னார். நான்கு வருடம் இன்டென்ட் போட்டவர், ஆனால் ரெசிபி அட்டையில் கிராம் கணக்கு எழுதும் வழக்கம் அந்தக் கடையில் இல்லை. சி.டி.பி. என்றால் எங்கள் குழுமத்தில் அந்த அட்டை அவர் பொறுப்பு. மெயிலில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை, நானும் போனில் கேட்கவில்லை, ஏனென்றால் இது எதிரில் உட்கார்ந்துதான் பார்க்க முடியும். டெமி சி.டி.பி. ஆகச் சேருவது, மையச் சமையலறையில் அட்டை எழுதக் கற்றுக்கொள்வது, மூன்று மாதம் கழித்து சி.டி.பி. பற்றி முடிவெடுப்பது என்று பேசினோம். முகம் கொஞ்சம் வாடியது, ஒத்துக்கொண்டார்.

சம்பளத்தில் ஒரு குழப்பம் மிச்சமிருந்தது. 35,000 என்று எழுதியவர் கையில் வரும் தொகையை நினைத்திருந்தார். ஹெச்.ஆர். அதைக் குழுமத்துக்கு ஆகும் மொத்தச் செலவாக எடுத்துக்கொண்டு, ஆயிரம் கூட்டி 36,000 என்று கடிதம் தயாரித்தது. அதில் முதலாளி கட்டும் பி.எஃப். 1,800 போனால் சம்பளச் சீட்டில் 34,200. அவர் பங்கு பி.எஃப். 1,800, கர்நாடகத் தொழில் வரி 200, இரண்டும் பிடித்தால் கையில் 32,200. கடிதத்தைப் பார்த்ததும் என்னை அழைத்து, "செஃப், கூட்டிக் கொடுத்திருக்காங்கன்னு நினைச்சேன், குறைஞ்சிருக்கே" என்றார். கையில் 35,000 என்றால் மொத்தம் 38,800 ஆக வேண்டும். டெமி சி.டி.பி. நிலைக்கு அவ்வளவு கிடையாது என்று ஹெச்.ஆர். நின்றது. கடைசியில் மொத்தம் 37,500 என்று முடிந்தது, கையில் 33,700, சர்வீஸ் சார்ஜ் பங்கு வந்தால் தனி. ராஜினாமாக் கடிதத்தை டிசம்பர் 4ஆம் தேதி கொடுத்தார்.